ஓர் எழுத்து மாறினால் துரோகம்

2021 ஜூலை 28 அன்று ஈரான் நாடாளுமன்றம் ஒரு மசோதாவை அவையில் முழுதாக விவாதிக்காமல், அரசியல் சட்டத்தின் 85-ஆவது பிரிவைக் காட்டி ஒரு சிறப்புக் குழுவிடம் ஒப்படைக்க வாக்களித்தது. அந்தப் பிரிவின்படி குழுவே சட்டத்தை நிறைவேற்றிச் சோதனை முறையில் அமல்படுத்தலாம். வெளிநாட்டுச் சமூக ஊடகங்கள் ஈரானில் உரிமம் வாங்க வேண்டும், வாங்காதவற்றை முடக்கலாம், நாட்டுக்குள் இணையம் நுழையும் வாயில்களின் கட்டுப்பாட்டில் ஆயுதப் படைகளுக்கும் பங்கு உண்டு என்றெல்லாம் சொன்ன மசோதா அது. அதற்கு வைத்திருந்த பெயரோ மிக நல்ல பெயர்: இணைய வெளியில் பயனர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் மசோதா. நீளமான அந்தப் பெயரை எல்லோரும் ‘ஸியானத் மசோதா’ என்று சுருக்கினார்கள். ஸியானத் என்றால் பாதுகாப்பு.

சமூக ஊடகங்களில் எதிர்ப்புப் பதிவுகள் குவிந்தபோது, ஸியானத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் வந்து நின்றது. அது கியானத். பொருள், துரோகம். இரண்டையும் பாரசீக எழுத்தில் பாருங்கள்: صیانت, خیانت. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலது ஓரத்தில் இருக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. மற்ற நான்கும் அச்சு அசலாக ஒன்று. ‘இது ஸியானத்தா, கியானத்தா?’ என்று ஒருவர் கேட்டால் பாரசீகம் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது உடனே கண்ணிலும் காதிலும் ஒருசேர விழும்.

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்தால், ‘இது புரொடெக்‌ஷனா, பிட்ரேயலா?’ என்றாகிறது. பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேடைப் பேச்சில் வரும் ஒரு கோபக் கேள்வி போல அது நின்றுவிடுகிறது. பாரசீகத்தில் அந்தக் கேள்வி செய்யும் வேலை வேறு: ‘நீங்கள் வைத்த பெயரை ஓர் எழுத்து சுரண்டிப் பார்த்தோம், உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது’ என்று அது சொல்கிறது. குற்றச்சாட்டுக்குச் சாட்சி அரசு வைத்த பெயரிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பில் குற்றச்சாட்டு தங்கிவிட, சாட்சி ஓடிவிடுகிறது.

பாரசீகப் பதிவுகளை வெளியுலகுக்குத் தரும் மொழிபெயர்ப்பாளர்கள் வரிக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு எழுதுவது இதற்காகத்தான். மேற்படி வரிக்கு இப்படி ஒரு குறிப்பு போதும்: ‘மசோதாவின் பெயரில் உள்ள ஸியானத் என்ற சொல்லில் முதல் எழுத்தை மாற்றினால் கியானத், அதாவது துரோகம். இரண்டும் எதுகையாக ஒலிப்பவை.’ இதற்கு மேல் ‘இது நகைச்சுவையாகச் சொல்லப்பட்டது’ என்று சேர்க்க வேண்டியதில்லை. பொறியின் அமைப்பைக் காட்டினால் போதும், எங்கே சிக்குவது என்று வாசகருக்குத் தெரியும்.

வரிக்குள்ளேயே ஈடுகட்டவும் வழி தேடலாம். ஆங்கிலத்தில் ‘புரொடெக்‌ஷன் ராக்கெட்’ என்றால், பாதுகாப்புத் தருகிறேன் என்று மிரட்டி மாமூல் வாங்கும் ரவுடித்தனம். அந்தச் சொற்சேர்க்கையைப் பிடித்துக்கொண்டால் நல்ல பெயருக்குள் இருந்தே கெட்ட பொருளை எடுத்துவிடலாம். தமிழிலும் கை கொடுக்க ஒரு சொல் இருக்கிறது. ‘பாதுகாப்பு’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ‘ஆப்பு’ ஒலிக்கிறது. ‘பயனருக்குப் பாதுகாப்பா, பயனருக்கு ஆப்பா?’ என்று நம் ஊர்ப் பதிவர் எழுதியிருப்பார். சிலேடை பிழைத்துவிடும், ஆனால் தொனி மாறிவிடும். ஆப்பு டீக்கடைச் சொல். கியானத் அப்படியல்ல, நம்பிக்கைத் துரோகம், நாட்டுத் துரோகம் என்று நீதிமன்றத்திலும் செய்தியறிக்கையிலும் வருகிற கனமான சொல். அந்தக் கனத்தை இழந்துதான் இந்தச் சிரிப்பை வாங்குகிறோம். அதனால் எவ்வளவு நல்ல ஈடு கிடைத்தாலும் குறிப்பைக் கைவிட முடிவதில்லை.

இந்த விளையாட்டு பாரசீகத்தில் இவ்வளவு எளிதாக அமைவதற்குக் காரணம் அந்த மொழியின் எழுத்து முறை. அரபு எழுத்தைத் தனக்கேற்பக் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொண்ட மொழி அது. அரபு மொழியில் வெவ்வேறு ஒலிகளுக்கு இருந்த எழுத்துகள், ஈரானியர் வாயில் ஒரே ஒலியாகிவிட்டன. ‘z’ என்ற ஒலிக்கு நான்கு எழுத்துகள். ‘S’ ஒலிக்கு மூன்று. சொல் தொடக்கத்தில் வரும் அலிஃபுக்கும் ஐனுக்கும் உச்சரிப்பில் வேறுபாடே கிடையாது. லகர, ளகர, ழகரங்களை ஒரே மாதிரி உச்சரிப்பவர் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அந்த வாய்ப்பு பாரசீகத்தில் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. ஒரு வேறுபாடுதான்: இங்கே அது பெரும்பாலும் தெரியாமல் வரும் பிழை, அங்கே பலர் தெரிந்தே செய்வது.

இன்னொரு காரணம், குறில் உயிர்களை எழுதாமல் விடுவது. க, ர, ம என்று மூன்று மெய்யெழுத்துகளை மட்டும் எழுதியிருந்தால் அதைக் கெர்ம் என்று படித்துப் புழு எனலாம், கரம் என்று படித்து வள்ளன்மை எனலாம், கெரெம் என்று படித்து முகத்தில் தடவும் கிரீம் எனலாம். எது சரி என்பதைச் சுற்றியுள்ள வாக்கியம் சொல்லும். ஹேஷ்டேக்கில் சுற்றி வாக்கியம் கிடையாது.

இதெல்லாம் இணையம் கண்டுபிடித்த கலையும் அல்ல. ஒலியிலும் எழுத்திலும் ஒத்த சொற்களை அருகருகே வைப்பதை ‘ஜெனாஸ்’ என்பார்கள்; ஒரு சொல்லில் இரு பொருள் வைப்பது ‘ஈஹாம்’. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாஃபிஸ் ஈஹாமில் கைதேர்ந்தவர். ஈரானின் பள்ளி இலக்கியப் பாடத்தில் இந்த அணிகள் இடம்பெறுகின்றன. ஆகவே இருபது வயதுப் பதிவர் ஓர் எழுத்தை மாற்றிப் போடும்போது, அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற வாசகர்கள் எதிரில் இருக்கிறார்கள்.

எழுத்தில் மட்டுமே உயிர் வாழும் ஒரு கேலியைப் பார்ப்போம். ‘அர்ஸேஷ்’ என்றால் விழுமியம், மதிப்பு. புரட்சியின் விழுமியங்களைப் போற்றுகிறவர்கள் என்ற பொருளில் அரசின் தீவிர ஆதரவாளர்களை ‘அர்ஸேஷி’ என்பார்கள். மரியாதையான பெயர்தான். சமூக ஊடகங்களில் அவர்களைப் பரிகசிப்பவர்கள் அதே சொல்லை அலிஃபுக்குப் பதில் ஐன் போட்டு எழுதுகிறார்கள்: ارزشی என்பது عرزشی ஆகிறது. வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றே. கண்ணால் பார்த்தால், எழுத்துப்பிழைகூடத் தெரியாத ஆள் என்ற இளக்காரம் தெரிகிறது. அத்தோடு, ஐன் எழுத்தில் தொடங்கும் ‘அர்’ என்பது கழுதை கத்தும் ஒலி. விழுமியக்காரர் ஒரே எழுத்தில் கத்துகிறவராகிவிட்டார்.

இதை ஆங்கிலத்தில் ‘லாயலிஸ்ட்’ என்று போட்டால் பரிகாசம் முழுவதும் போய், நடுநிலையான அரசியல் சொல் ஒன்று மிஞ்சும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தாலும் பயனில்லை. இரு வடிவங்களும் அங்கே ஒன்றாகிவிடும். எனவே இங்கே குறிப்பு ஒலியைப் பற்றிப் பேசாமல் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும்: ‘மூலத்தில் இச்சொல் வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்டுள்ளது, தவறான எழுத்து கழுதைக் கத்தலை நினைவூட்டும்.’ எந்தப் புலனில் சிலேடை நடக்கிறது என்று சொல்வது குறிப்பின் முதல் கடமை.

அடுத்தது கொஞ்சம் ஆழமான கிணறு. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானும் ஆறு வல்லரசுகளும் அணுசக்தி உடன்பாட்டுக்கு வந்தன. ‘கூட்டு நடவடிக்கைக்கான விரிவான திட்டம்’ என்ற அதன் பெயரைப் பாரசீகத்தில் ‘பர்நாமெயெ ஜாமெயெ எக்தாமெ மொஷ்தரக்’ என்பார்கள். முதல் சொல்லிலிருந்து இரண்டு எழுத்துகள், மற்ற மூன்றிலிருந்து ஒவ்வொன்று என எடுத்துக் கோத்து ‘பர்ஜாம்’ ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் ஜேசிபிஓஏ என்று ஐந்து எழுத்தைத் தனித்தனியே உச்சரிக்க வேண்டியிருக்க, பாரசீகத்தில் அதே உடன்பாடு வாயில் உருளுகிற ஒரு சொல்லாகிவிட்டது. சொல்லானதுமே சிலேடைக்கும் ஆளானது.

பாரசீகத்தில் ‘ஃபர்ஜாம்’ என்றால் முடிவு, பலன். ‘நாஃபர்ஜாம்’ என்றால் நல்ல முடிவைக் காணாதது, பாதியில் பாழானது. برجام, فرجام என்று எழுதினால் முதல் எழுத்து மட்டுமே வேறு. உடன்பாட்டை எதிர்த்தவர்கள் ‘பர்ஜாமெ நாஃபர்ஜாம்’ என்று எழுதினார்கள். தலைப்புகளிலும் ஹேஷ்டேக்குகளிலும் அது நிலைத்தது. 2018 மே 8 அன்று டிரம்ப் அமெரிக்காவை உடன்பாட்டிலிருந்து விலக்கியபோது அந்தச் சொல்லாட்டம் பலித்துவிட்ட ஆரூடம் போல ஆயிற்று.

இதற்குள் இன்னொரு அறையும் உண்டு. ‘பர்’ என்றால் மேல். ‘ஜாம்’ என்றால் மதுக் கோப்பை. ஈரானியரிடம் அரசியல் பேசும்போது கோப்பை என்றதும் ஒரு நினைவு வரும். 1988 ஜூலையில், எட்டாண்டுகள் நீடித்த ஈராக் போரை நிறுத்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 598-ஆவது தீர்மானத்தை ஏற்றபோது, அது தனக்கு நஞ்சுக் கோப்பையைக் குடிப்பது போன்றது என்று கொமேனி சொன்னார். ‘ஜாமெ ஸஹ்ர்’, நஞ்சுக் கோப்பை, அன்று முதல் வேண்டாவெறுப்பாகச் செய்யும் சமரசத்துக்குப் பெயராகிவிட்டது. அணு உடன்பாட்டை நஞ்சுக் கோப்பை என்று திட்டியவர்களுக்குப் பர்ஜாமின் வாலிலேயே அந்தக் கோப்பை தயாராக இருந்தது.

இப்போது ‘பர்ஜாமெ நாஃபர்ஜாம்’ என்ற இரண்டே சொற்களை ஆங்கிலமாக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தோற்றுப்போன ஜேசிபிஓஏ’ என்பது நேர்ப் பொருள். ஒலி போய்விட்டது. ‘டீல்’ என்ற சொல்லை வைத்து ஏதாவது எதுகை கட்டலாம். அப்போது இது குறிப்பிட்ட அந்த உடன்பாட்டின் பெயர் என்ற செய்தி மங்கிவிடும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் வரியில் நேர்ப் பொருளை வைத்து, ஓசையைக் குறிப்பில் சொல்வார்கள். கோப்பையை என்ன செய்வது? அந்தப் பதிவில் நஞ்சு, குடித்தல், கோப்பை என்று வேறேதாவது தடயம் இருந்தால் மட்டும் குறிப்பில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். சொல்லுக்குள் இருக்க முடிகிற எல்லாப் பொருளையும் எழுதியவர் தலையில் கட்டுவது மொழிபெயர்ப்பாளரின் வேலையல்ல.

சில வேளை, மூலத்தில் விளையாட்டு இருந்ததே வெளியே தெரியாமல் போய்விடுகிறது. 2022 செப்டம்பரில் குர்து இனப் பெண் மஹ்ஸா அமினி ஒழுக்கக் காவல்துறையின் பிடியில் இருந்தபோது இறந்த பின் எழுந்த ‘பெண், வாழ்வு, விடுதலை’ முழக்கம் உலகம் அறிந்தது. பாரசீகத்தில் அது ‘ஸன், ஸெந்தெகி, ஆஸாதி’. பெண்ணைக் குறிக்கும் ஸன் زن என்று எழுதப்படும். வாழ்வைக் குறிக்கும் ஸெந்தெகி زندگی. பெண்ணின் இரண்டு எழுத்துகளும் வாழ்வின் முதல் இரண்டு எழுத்துகள். முழக்கம் பிறந்த குர்து மொழியிலும் ஜின், ஜியான் என்று இரு சொற்களும் ஒட்டிப் பிறந்தவை போலவே ஒலிக்கும். பிறகு சிலர் அதற்கு இணையாக ‘மர்த், மீஹன், ஆபாதி’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: ஆண், தாயகம், செழிப்பு. இந்தப் பக்கம் மகரம் மோனையாக வருகிறது. கடைசிச் சொற்களான ஆஸாதிக்கும் ஆபாதிக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறு. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இவை ஒன்றோடொன்று ஒட்டாத மும்மூன்று பெயர்ச்சொற்கள். இங்கே குறிப்பு சிரிப்பை மீட்பதற்காக எழுதப்படுவதில்லை. இந்தச் சொற்கள் ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன என்பதை விளக்குவதற்காக எழுதப்படுகிறது.

சிலேடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைவிட, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்வது கடினம். ஹேஷ்டேக்கில் இடைவெளி விட முடியாததால் சொற்களுக்கிடையே அடிக்கோடு போடுகிறார்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் இரு சொற்கள் ஒட்டிக்கொண்டு மூன்றாவது சொல் போலத் தோன்றும். விசைப்பலகையும் தன் பங்குக்குக் குழப்பும். பாரசீக விசைப்பலகையின் ‘யே’ எழுத்துக்குக் கணினிக் குறியீடு `U+06CC`. அரபு விசைப்பலகையின் யேவுக்கு `U+064A`. சொல்லின் இறுதியில் அரபு யேவுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் இருக்கும், பாரசீக யேவுக்கு இருக்காது. கண்ணுக்குச் சிறு வேறுபாடு. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்காத தேடுபொறிக்கு அவை இரு வேறு ஹேஷ்டேக்குகள். அதில் நுட்பமான கேலி எதுவும் கிடையாது. வேறு விசைப்பலகை, அவ்வளவுதான்.

வேண்டுமென்றே செய்ததா, கைதவறியதா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. ஒரே பிழை தொடர்பில்லாத பலர் கையில் ஒரே மாதிரி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுதியவர் அதே எழுத்தை மற்ற இடங்களில் சரியாக எழுதுகிறாரா என்பது அடுத்தது. ஐனைச் சரியாகக் கையாளத் தெரிந்தவர் அர்ஸேஷியில் மட்டும் தவறினால் அது தவறல்ல. கடைசியாகப் பின்னூட்டங்கள். சிலேடை என்றால் கீழே யாராவது ஒருவராவது அதே கயிற்றைப் பிடித்து அடுத்த இழுப்பு இழுத்திருப்பார். மூன்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் குறிப்பு எழுதாமல் இருப்பதே நேர்மை.

எழுத்தும் ஒலியும் சரியாகப் பிடிபட்ட பிறகும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ‘ரூஹானி மொச்சக்கெரிம்’ என்ற ஹேஷ்டேக்கை எடுத்துக்கொள்வோம். நன்றி சொல்கிறோம் என்பதற்கு முறையான சொல் ‘மொதஷக்கெரிம்’. அதை நடுவில் விழுங்கி, செல்லமாக, கொச்சையாகச் சொல்வது ‘மொச்சக்கெரிம்’. நாம் ‘டாங்க்ஸுங்க’ என்பதைப் போல. 2013 ஜூனில் ஹசன் ரூஹானி அதிபர் தேர்தலில் வென்ற காலத்தில் ஆதரவாளர்கள் குதூகலத்தோடு இதைச் சொன்னார்கள். செல்லம் உண்மையான செல்லமாக இருந்தது.

பிறகு விலைவாசி ஏறியது, 2018-இல் ரியால் சரிந்தது. ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் கீழே அதே வாசகத்தை ஒட்டினார்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை, நன்றி வசையாகிவிட்டது. 2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, பெட்ரோல் விலை ஒரே இரவில் உயர்ந்தது. மாதம் 60 லிட்டர் வரை லிட்டருக்கு 1,000 தோமானாக இருந்தது 1,500 ஆனது. அதற்கு மேல் 3,000. நாடெங்கும் போராட்டம் வெடித்தது, பலர் கொல்லப்பட்டார்கள், இணையம் ஏறக்குறைய ஒரு வாரம் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு ரூஹானி, விலை உயர்ந்ததைத் தானும் வெள்ளி காலையில்தான் அறிந்ததாகச் சொன்னார். ‘வெள்ளி காலை’ என்ற அந்த இரு சொற்கள் உடனே கேலிச் சொல்லாயின. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ‘வெள்ளி காலை உங்களோடு’ என்பது ஈரான் வானொலியில் நெடுங்காலம் ஒலித்த புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சி. அதிபரின் சாக்குப்போக்கு தானாகவே அந்த நிகழ்ச்சியின் அறிவிப்பு போல் ஒலித்தது. ஆங்கிலத்தில் ‘ஃபிரைடே மார்னிங்’ என்று மட்டும் படிப்பவருக்கு அது ஒரு கிழமை, ஒரு பொழுது. வானொலி நிகழ்ச்சியைக் குறிப்பில் சொன்னால்தான் சிரிப்பும், அந்தச் சிரிப்புக்குக் கீழே இருக்கும் கசப்பும் போய்ச் சேரும்.

‘மொச்சக்கெரிம்’ பதிவுகளை ஆங்கிலத்தில் ‘தேங்க் யூ ரூஹானி’ என்று மட்டும் மொழிபெயர்த்து, நாள் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், பின்னாளில் படிப்பவர் எல்லாவற்றையும் ஆதரவாக எண்ணிவிடுவார். எதிர்ப்பு கூடக்கூட ஆதரவு கூடியதாகக் கணக்கு வரும். எல்லாமே கேலி என்று யாரேனும் அவரை எச்சரித்துவிட்டால், 2013-இன் உண்மையான மகிழ்ச்சியும் நையாண்டிக் கணக்கில் போய்விடும். இந்த ஹேஷ்டேக்குக்கு ஒரே ஒரு நிரந்தரக் குறிப்பு எழுத முடியாது. கொச்சை வடிவம் எது, அது யார் வாயில் வந்தது, எந்த ஆண்டு எந்தச் செய்திக்குக் கீழே வந்தது என்று பதிவுக்குப் பதிவு எழுத வேண்டும். பாரசீகம் நன்றாகத் தெரிந்தவரும் தேதியைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் நன்றியையும் வசையையும் மாற்றிப் போட்டுவிடுவார்.